மாவுக்கட்டோடு அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்த நாள்

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், கட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். தொடை மேலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கட்டுப் போட்டது ஒரு சாயங்காலம். மறுநாள் மத்தியானமே டிஸ்சார்ஜ்.

ஆஸ்பத்திரி மதுரை அண்ணா நகர்ப் பக்கம். வீடு உசிலம்பட்டியைத் தாண்டி. ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். அம்மாவை எதில், எப்படி உட்காரவைத்து, எந்த வழியாகக் கூட்டிப் போவது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். யோசித்ததில் பாதி சரியாக வந்தது. ஒரு இடத்தில் தப்பு செய்தேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 108-க்குச் சொல்லலாமே என்றார்கள். அது அவசரத்துக்கு வருகிற வண்டி, டிஸ்சார்ஜ் ஆனவரை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு இல்லை. தனியார் ஆம்புலன்ஸ் இருந்தது. முதுகு, இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் உட்காரவே முடியாதவர்களுக்கும் அதுதான் சரி. அம்மாவால் சாய்ந்து உட்கார முடிந்தது. ஒல்லியான ஸ்ட்ரெச்சரில் கட்டிப்போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவை யோசிக்கவே வேண்டாம். மடக்க முடியாத கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

மாமா இன்னோவா என்றார். "பெரிய வண்டிடா, தாராளமா கால நீட்டிக்கலாம்." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய் அளந்தேன். வீல்சேர் இருக்கை தரையிலிருந்து இருபது அங்குலம். நின்றிருந்த ஒரு டிசையரின் பின்சீட்டும் கிட்டத்தட்ட அதே உயரம். இன்னோவாவின் சீட் அதைவிட ஏழெட்டு அங்குலம் மேலே இருந்தது. ஒற்றைக் காலில் நிற்கிற அறுபத்து மூன்று வயதுக்காரி பின்பக்கமாக அந்த உயரத்துக்கு எக்கி உட்கார முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். தூக்கும்போது கட்டுப் போட்ட கால் எங்கே இடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீளத்தைப் பொறுத்தவரை அம்மாவின் முதுகிலிருந்து குதிகால் வரை முப்பத்தெட்டு அங்குலம்தான். டிசையரில் கதவுக்குக் கதவு ஐம்பதுக்கு மேல் இருந்தது. முதுகுக்குத் தலையணை வைத்தும் இடம் மிச்சம். டிசையரே போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்து, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது. முழங்காலுக்குக் கீழே மட்டும் கட்டு என்றால் முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, பெல்ட் போட்டு உட்காரவைக்கலாம். தொடை வரை கட்டு என்றால் அங்கே கால் நுழையாது. பின்சீட்டில் குறுக்காகத்தான் உட்கார வேண்டும். எந்தக் கதவில் முதுகைச் சாய்க்கிறோம் என்பது முக்கியம். வலது கால் அடிபட்டிருந்தால் இடது கதவில் சாய வேண்டும். அப்போது வலது கால் சீட்டின் முதுகை ஒட்டி உள்ளே வரும், இடது கால் வெளி ஓரத்தில் இருக்கும். பிரேக் போட்டால் அடிபட்ட கால் உருண்டு கீழே விழாது, நல்ல காலைத் தரையில் ஊன்றிச் சமாளித்துக்கொள்ளலாம். மாற்றி உட்கார்ந்தால் கனத்த கட்டு சீட் விளிம்பில் நிற்கும். படுக்கையிலேயே அம்மாவை அப்படித் திருப்பி உட்காரவைத்துப் பார்த்துத்தான் இது எனக்கே புரிந்தது.

இடது கதவில் சாய வேண்டும் என்றால் வலது கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். நம் ஊரில் அது நடு ரோட்டுப் பக்கம். அதனால் டிரைவர் அண்ணனிடம் போர்ட்டிகோவுக்குள் ரிவர்ஸில் வந்து, வலது பக்கம் சாய்தளத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தச் சொன்னேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "எங்கப்பாவுக்கும் கால்ல கட்டுதான் தம்பி" என்றார்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பில் முடிந்துவிட்டது, ஆனால் டிரிப்ஸ் பாட்டிலில் கால்வாசி மிச்சம். சிறுநீரில் கிருமி இருந்ததால் ஊசியும் டிரிப்ஸும் போய்க்கொண்டிருந்தன. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டியில் போய்விடலாமா என்று மாமா கேட்டார். சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டில் கைக்கு மேலே நல்ல உயரத்தில் தொங்க வேண்டும், கார் கூரைக்குக் கீழே அந்த உயரம் கிடைக்காது, சற்றுத் தாழ்ந்தால் டியூபில் ரத்தம் ஏறி ஊசி அடைத்துக்கொள்ளும் என்றார். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். முடிந்ததும் டியூபைக் கழற்றி, சலைன் விட்டு, மூடியைப் போட்டு, ஊசி மருந்து ஏற்றுகிற வென்ஃப்ளான் குழாயை மட்டும் இடது கையில் விட்டார். உசிலம்பட்டியில் இன்னும் மூன்று நாள் ஊசி போட அது வேண்டும். அதற்குள் நான் வலி மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். கிளம்புகிற நேரத்தில் கொடுத்தால் பாதி வழியில்தான் வேலை செய்யும்.

ஏற்றும்போது வென்ஃப்ளான்தான் இடைஞ்சல். கையை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர வேண்டும், இடது மணிக்கட்டை மடக்கினால் ஊசி இடம் மாறிவிடும். அதற்கு ஒரு வழி செய்தோம். சீட்டில் பழைய போர்வையை விரித்து, அம்மாவை நல்ல காலில் நிற்கவைத்து, முதுகை வண்டிக்குக் காட்டி அதன் மேல் உட்காரவைத்தோம். அக்கா அந்தப் பக்கம் இடது கதவைத் திறந்து நின்று போர்வையை மெல்ல இழுத்தாள். நான் மாவுக்கட்டை முழங்காலிலும் கணுக்காலிலும் உள்ளங்கையால் தாங்கி, அம்மா உள்ளே போகப் போக நானும் குனிந்து போனேன். ஈர மாவுக்கட்டை விரலால் பிடித்தால் குழி விழும், அந்தக் குழி உள்ளே சதையை அழுத்தும். அதை கம்பவுண்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். இடது கதவில் சைல்டு லாக்கைப் போட்டுத் தலையணை வைத்துச் சாத்தினோம். காலுக்கு அடியில் இரண்டு தலையணை. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் வலது பக்கப் பள்ளத்தைத் துணிப் பையால் நிரப்பினேன். பெல்ட் மட்டும் போட முடியவில்லை. குறுக்கே உட்கார்ந்தால் அது ஆளைப் பிடிக்காது. இந்த முறையில் எனக்கு இருந்த பெரிய பயம் அதுதான்.

வழியைத் தீர்மானித்ததும் அந்தப் பயம்தான். ரிங் ரோட்டில் கப்பலூர் போய், நான்கு வழிச்சாலையில் ஏறி நாகமலைப் புதுக்கோட்டை வரலாம். ரோடு வழவழவென்று இருக்கும். ஆனால் சுற்று அதிகம், அங்கே நாற்பதில் போனால் லாரிகள் முதுகில் வந்து ஹாரன் அடிக்கும், வேகமாகப் போனால் ஒரு சடன் பிரேக் போதும். ஊருக்குள்ளே கோரிப்பாளையம், காளவாசல் வழியாகப் போனால் வண்டி எப்படியும் ஊர்ந்துதான் போகும். ஊர்ந்து போவதில் காலுக்குக் கெடுதல் இல்லை. பள்ளிக்கூடம் விடுவதற்குள் நகரத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று இரண்டேகாலுக்குக் கிளம்பினோம்.

டிரைவர் அண்ணன் வேகத்தடைகளைத் தாண்டிய விதத்தை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் ஏறுகிற நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிரேக்கோடு ஏறினால் வண்டி மூக்கைக் குத்தித் தூக்கிப்போடும் என்றார். சாய்த்தும் ஏற்றவில்லை, நேராகவே ஏற்றினார். சாய்த்து ஏற்றினால் வண்டி பக்கவாட்டில் ஆடி, கால் உருளும்.

செக்கானூரணியில் நிறுத்திக் கால் விரல்களைப் பார்த்தோம். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்க வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் ஆனாலோ, விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நாம் அசைக்கும்போது கெண்டைக்காலில் உயிர்போகிற மாதிரி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் திருப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நகம் சரியாகச் சிவந்தது. அம்மாதான், "கெண்டைக்கால்ல என்னமோ கல்லு மாதிரி குத்துதுய்யா" என்றாள்.

தலையணை நழுவியிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். சீட் பெல்ட்டைச் சொருகுகிற கொக்கி, சீட்டும் முதுகும் சேர்கிற இடத்தில் நட்டுக்கொண்டு நின்றது. அடிபட்ட காலை உள் ஓரத்தில் வைக்க வேண்டும் என்று அவ்வளவு கணக்குப் போட்டவன், அந்த ஓரத்தில்தான் கொக்கிகள் இருக்கும் என்பதை நினைக்கவில்லை. மாவுக்கட்டில் பெருவிரல் நுழைகிற அளவுக்குக் குழி. சின்னக் கட்டே முழுசாகக் காய ஒரு நாளுக்கு மேல் ஆகும், தொடை வரைக்கும் போட்ட கட்டுக்கு இரண்டு மூன்று நாள். போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. கொக்கியைச் சீட் இடுக்குக்குள் திணித்து, மேலே போர்வையை நாலாக மடித்துப் போட்டுக் காலை வைத்தோம். டாக்டருக்குப் போன் செய்தேன். இப்போதைக்கு வீட்டுக்குப் போங்கள், ஒரே இடத்தில் எரிச்சல் நிற்காமல் இருந்தால் மறுநாளே கூட்டி வாருங்கள் என்றார்.

கருமாத்தூர் தாண்டி வீடு வரை யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் வலது கதவு வாசலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கோயிலைச் சுற்றி எதிர்ப்பக்கமாக வந்தோம். கை இல்லாத மரநாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்க, நான் காலைப் பிடித்துக்கொண்டே இரண்டு படி ஏறினோம்.

ராத்திரி வலி அடங்கியது, எரிச்சல் அடங்கவில்லை. அம்மா சரியாக அந்தக் குழி இருந்த இடத்தையே காட்டினாள். மறுநாள் அதே டிசையரில் திரும்பப் போனோம். டாக்டர் அந்த இடத்தில் சதுரமாக ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்தார். உள்ளே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது, தோல் உரியவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும் என்றார். பஞ்சு வைத்து, வெட்டிய துண்டை அதே இடத்தில் பொருத்திச் சுற்றிக் கட்டினார். திறந்தே விட்டால் ஜன்னல் வழியாகச் சதை வீங்கிப் பிதுங்குமாம். முதல் நாளே இன்னும் ஒரு நாள் தங்கிவிட்டுப் போகிறோம், அல்லது சீக்கிரம் இறுகுகிற ஃபைபர் கட்டுப் போட முடியுமா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது டிரைவர் அண்ணன் தானே பின்கதவைத் திறந்து, கொக்கிகள் மூன்றையும் சீட்டுக்குள் தள்ளி, மேலே ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு வைத்திருந்தார். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.