மெமரியை அணைத்துவிட்டுப் பேசுவதா?

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு ஏஐ கருவிகளைப் பழக்கிவிடுவது சில காலமாக என் வேலைகளில் ஒன்று. வகுப்பில் வரும் கேள்விகள் எல்லாம் வேலையைப் பற்றியவை: நீளமான அறிக்கையை எப்படிச் சுருக்குவது, எக்செல் சூத்திரத்தை எப்படிக் கேட்டு வாங்குவது. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு யாராவது ஒருவர் மட்டும் பையை மெதுவாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். மனதில் இருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வரும். "உடம்பைப் பத்தி இதுகிட்ட கேக்கலாமா? கேட்டா ஞாபகம் வெச்சுக்குமா?"

நாம் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு பிற்பாடு வேறு பதில்களிலும் பயன்படுத்தும் மெமரி வசதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இது ஒரு தடவை கேட்டு முடிகிற சங்கதியா, மாதக்கணக்கில் தொடரப் போகிறதா? அந்தக் கணக்கு திறந்திருக்கும் திரையை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள்?

இரண்டாவது கேள்வியின் அவசியம் ஒரு கூட்டத்தில்தான் எனக்கு உறைத்தது. நிதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் தன் திரையை எல்லோருக்கும் காட்டியபடி, மூன்று நாள் பயிற்சிக்கு நேர அட்டவணை போட்டுத் தரச் சொன்னார். அட்டவணை நன்றாகவே வந்தது. கூடவே, முதுகுத் தண்டு வட்டு விலகல் இருப்பதால் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காராமல் இருக்க இடைவேளைகளைக் கூட்டியிருப்பதாக ஒரு வரியும் வந்தது. பல வாரங்களுக்கு முன் வீட்டில் இருந்தபடி அவர் கேட்ட ஏதோ ஒன்றிலிருந்து எடுத்தது அது. கருவியின் பார்வையில் அது அக்கறை. அறையில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, படிக்காதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மெமரி என்றாலே கண்காணாத தேசத்து சர்வரையும் அதைத் திருடப் போகும் ஆளையும்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பயம் தப்பில்லை. ஆனாலும் நான் பார்த்த வரையில் அன்றாடச் சங்கடம் பக்கத்து நாற்காலியிலிருந்துதான் வருகிறது. உடம்பு சம்பந்தமாகச் சொன்னது வேலை சம்பந்தமான பதிலில் தலைகாட்டுகிறது, கடனைப் பற்றிச் சொன்னது பயணத் திட்டத்தில் வந்து நிற்கிறது.

மெமரியை அணைப்பது என்பதும் ஒரே பொத்தான் இல்லை. சாட்ஜிபிடியை எடுத்துக்கொண்டால், 2024 பிப்ரவரியில் சோதனையாக வந்த மெமரி, தனித்தனிக் குறிப்புகளை எழுதி வைத்துக்கொள்வது. 2025 ஏப்ரலில், பழைய உரையாடல்களிலிருந்தே தேவையானதை எடுத்துக்கொள்ளும் இன்னொரு வகையும் சேர்ந்தது. Settings-க்குள் Personalization பகுதியில் இவற்றுக்கு `Reference saved memories`, `Reference chat history` என்று தனித்தனி விசைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை அணைத்து மற்றொன்றை விட்டுவைத்தால் பாதிக் கதவுதான் மூடுகிறது. விசையை அணைப்பதால் ஏற்கெனவே எழுதிவைத்த குறிப்புகளும் அழிவதில்லை. திரும்பப் போட்டதும் அவை எழுந்து வந்துவிடும். உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து எடுத்த குறிப்பு பட்டியலில் அப்படியே இருக்கும். ஒரு விஷயத்தை மறக்கச் செய்ய வேண்டுமென்றால் குறிப்பையும் நீக்க வேண்டும், அது பிறந்த உரையாடலையும் நீக்க வேண்டும்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் `Temporary Chat` என்னும் தற்காலிக உரையாடல். அதில் பேசுவது வரலாற்றில் வராது, மெமரியிலும் சேராது. ஆனால் முதல் வரியைத் தட்டுவதற்கு முன்பே அதைத் திறந்துவிட வேண்டும். பாதி சொன்ன பிறகு நினைவு வந்து திறந்தால், சொன்ன பாதி பழைய இடத்திலேயே இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மெமரி இல்லாத உரையாடல் உங்களைப் பற்றி எதையும் எழுதிக்கொள்வதில்லை என்பதோடு, உங்களைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததையும் அது எடுத்துப் பார்ப்பதில்லை. உடல்நல விஷயத்தில் இது சாதாரணமானது அல்ல.

இன்னொரு பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு லோசார்டானும், கூடவே நீர் பிரியச் செய்யும் ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். இது அவருடைய வழக்கமான உரையாடல்களில் பதிந்திருந்தது. முட்டி வலி வந்தபோது, என் வகுப்பில் கேட்டதை வைத்து, தற்காலிக உரையாடலைத் திறந்து ஐபுப்ரோஃபென் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறார். வந்த பதில் பொதுவான ஆளுக்கான பதில்: அளவு, நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள் என்ற எச்சரிக்கை கடைசியில் ஒரு வரியாக இருந்தது. "எனக்கு பிபி இருக்கறது அதுக்குத் தெரியுமே, பிரச்சினைன்னா முதல்லயே சொல்லியிருக்குமேன்னு நினைச்சுட்டேன்" என்றார். அதற்குத் தெரியாது. அன்று தன்னை அறியாத ஒன்றிடம்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. லோசார்டான் போன்ற மருந்து, நீர் பிரிக்கும் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படும் அபாயம் உண்டு என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம். நல்லவேளையாக அவர் மாத்திரையை வாங்கும் முன் என்னிடம் பேசினார். மருத்துவரைக் கேட்டபோது ஐபுப்ரோஃபென் வேண்டாம் என்று சொல்லி, பாரசிட்டமால் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் சொன்ன ஏற்பாடு இதுதான். நினைவு வைத்துக்கொள்ளும் வேலையைக் கருவியிடம் விடாமல், தன் போனில் ஒரு சிறு குறிப்பாக அவரே வைத்துக்கொள்ள வேண்டும். வயது, இருக்கும் நோய்கள், சாப்பிடும் மருந்துகள் அளவோடு, ஒவ்வாமை, கடைசி பரிசோதனையில் கிரியாட்டினின், பொட்டாசியம் எவ்வளவு என்பவை. ஏழெட்டு வரிக்கு மேல் போகாது. உடம்பு விஷயம் கேட்க வேண்டும் என்றால் தற்காலிக உரையாடலைத் திறந்து, அந்தக் குறிப்பை ஒட்டிவிட்டுக் கேள்வியைக் கேட்கலாம். பேர், பிறந்த தேதி, மருத்துவமனையின் பதிவு எண் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஆய்வகத்தின் பிடிஎஃப்பை அப்படியே ஏற்றினால் தலைப்பகுதியில் அவை பெரும்பாலும் இருக்கும், அதனால் எண்களை மட்டும் கையால் தட்டச்சு செய்வது மேல். (எல்லா உரையாடலுக்கும் பொருந்தும்படி நாமே முன்கூட்டி எழுதிவைக்கும் Custom instructions பகுதியில் தன் நோய்களை எழுதி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது மெமரி விசைக்குக் கட்டுப்படாத தனி இடம். அணைத்துவிட்டோம் என்று நம்புகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.)

பண விஷயத்தில் முடிவெடுப்பது இதைவிடச் சுலபம். அங்கே பெரும்பாலும் கணக்குதான் தேவை, ஆள் யார் என்பது தேவையில்லை. கிரெடிட் கார்டு நிலுவை 1,00,000, மாத வட்டி 3 சதவீதம், மாதம் கட்ட முடிவது 5,000 என்று மூன்று எண்கள் போதும். புதிதாகச் செலவு எதுவும் சேர்க்காவிட்டால் 31 மாதத்தில் அடையும், மொத்தம் ஏறக்குறைய 1,55,000 கட்டியிருப்பீர்கள் என்பது வந்துவிடும். வங்கியின் பேரோ கார்டு எண்ணோ சம்பளச் சீட்டோ இந்தக் கணக்குக்குள் எங்கும் வருவதில்லை. ஆகவே கடன், சம்பள பேரம், வேலையை விடலாமா என்ற யோசனை போன்றவற்றுக்கு மெமரி இல்லாமல் கேட்பதையே நான் சிபாரிசு செய்கிறேன்.

பண விஷயத்தில் நான் கண்ட சிக்கல் வேறு மாதிரி. ஒரு நண்பர் தன் தம்பியின் கார்டு கடனைப் பற்றி விசாரித்தார். எழுதும்போது "என் தம்பி" என்று எழுதாமல், கணக்கை மட்டும் கேட்டார். கடன் அவருடையது என்று குறிப்பு பதிந்துவிட்டது. பிறகு போனஸை எதில் போடலாம் என்று கேட்டபோதெல்லாம், முதலில் கார்டு கடனை அடைத்துவிடுங்கள் என்றே பதில் வந்துகொண்டிருந்தது. கேட்காத ஒன்றைப் பதில் பிடிவாதமாகச் சொன்னால், மெமரிப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் அது. அடுத்தவருக்காக விசாரிக்கும்போது மெமரியை அணைக்க இதுவே போதுமான காரணம். அம்மாவின் சர்க்கரை நோய் மகளின் பெயரில் பதிவதும் இப்படித்தான்.

அணைத்துவிட்டால் எதுவுமே எங்கும் இருக்காது என்று மட்டும் நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. தற்காலிக உரையாடலின் நகலையும் பாதுகாப்புக் காரணங்களுக்காக 30 நாள் வரை வைத்திருக்கலாம் என்று சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே சொல்லியிருக்கிறது. 2025 மே மாதம், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்க அமெரிக்க நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டாயம் அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில்தான் முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் அழித்தவர்களில் பெரும்பாலோரின் திரையிலிருந்து மட்டும்தான் அவை போயிருந்தன. வழக்கமான உரையாடல்கள் ஏஐயைப் பழக்கும் பயிற்சிக்குப் போகின்றனவா என்பதும் வேறு கேள்வி. அதற்கான `Improve the model for everyone` விசை Data controls பகுதியில் தனியே இருக்கிறது.

அலுவலகக் கணக்கு என்றால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. கணக்கு நிறுவனத்துடையது, உரையாடல்களைப் பார்க்கும் வழி நிர்வாகியிடம் இருக்கக்கூடும், மெமரி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே உடம்பையும் கடனையும் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் என் ஆலோசனை.

இவ்வளவுக்கும் பிறகு, மெமரியைப் போட்டே வைத்திருக்கும் ஒருவரும் எங்களுக்குள் இருக்கிறார். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி சர்க்கரைப் பரிசோதனை, உணவில் செய்த மாற்றம், எந்த மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல அவருக்குப் பொறுமை இல்லை. அது நியாயமான காரணம் என்றே நினைக்கிறேன். தன் சொந்த போனில், அலுவலக மடிக்கணினியில் ஒருபோதும் திறக்காத தனிக் கணக்கு வைத்திருக்கிறார். அவருக்கு வந்த தொல்லை வேறு: மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமிலிருந்து 1000-க்கு ஏறிய பிறகும் பட்டியலில் பழைய அளவே இருந்தது, பதில்களும் அதை வைத்தே வந்தன. அதனால் மருந்து மாறும்போதெல்லாம் முதலில் பட்டியலைத் திறந்து பழைய வரியை நீக்கிவிட்டு, புது அளவைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கேள்விக்கு வருகிறார்.