உதவித்தொகைக் கட்டுரையை இரண்டாவது முறை எழுதியபோது

போன வருஷம் நிராகரித்தார்கள், இந்த வருஷம் கொடுத்துவிட்டார்கள். அதே அறக்கட்டளை, அதே மதிப்பெண், அதே வீடு. 'உங்கள் ஆய்வு நோக்கத்தை விளக்குக' என்ற அந்த ஒரு கட்டுரை மட்டும்தான் மாறியது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படிப்பு வரை வந்த முதல் ஆள் நான். அப்படி ஒரு கட்டுரையை எழுதிக் காட்டியவர்களோ படித்துப் பார்த்துத் திருத்தியவர்களோ வீட்டில் யாரும் இல்லை. அதனால் நான் தடுக்கி விழுந்த இடங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் பதிந்தோம். இரண்டு வாரத்தில் வந்துவிட்டன.

கட்டுரை விஷயத்துக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் முன்பற்களில் பழுப்புக் கறை இருக்கிறது. சிறு வயதில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அம்மா, "வாயை மூடிக்கிட்டு சிரிம்மா" என்பார். முதல் கட்டுரையை அங்கேதான் தொடங்கினேன். முக்கால் பங்கு அந்தக் கதைதான். கடைசிக் கால் பங்கில் "எங்கள் மாவட்டத்தின் ஃப்ளோரைடு பிரச்சினைக்குத் தீர்வு காண்பேன்" என்று சொல்லிவிட்டு, எந்தக் கிணறு, எந்த முறை, எவ்வளவு செலவு என்பதையெல்லாம் எழுதியிருந்தேன்.

அந்தக் கால் பங்கு அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. தட்டச்சு செய்ய பிரவுசிங் சென்டரில் கொடுத்திருந்தேன். அவர்கள் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். படிவத்தில் ஒட்டியதும் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் `jkpo;` என்று வந்தது. கடைசி நாள் இரவு, செல்போனில் யூனிகோடில் முழுவதையும் மறுபடி அடித்தேன். படிவத்தில் '5000 எழுத்துகள்' என்று போட்டிருந்தது. நான் கண்ணால் எண்ணிப் பார்த்து, தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஆனால் படிவம் எண்ணுவது வேறு மாதிரி. புள்ளி, கொம்பு, சுழி எல்லாமே அதற்குத் தனித்தனிக் குறிகள். நாம் நான்கு எழுத்தாகப் படிக்கும் 'தண்ணீர்' அதற்கு ஏழு. ஐயாயிரத்தைத் தொட்டதும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மீதியை வெட்டிவிட்டது. நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் சமர்ப்பித்த நகலைத் திறந்து பார்த்தேன். கட்டுரை ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. படித்தவர்களுக்குக் கிடைத்தது என் பல்லின் கதை மட்டும். அன்றைக்கு அழுதுவிட்டேன். தமிழில் விண்ணப்பிப்பவர்கள் யூனிகோடில் அடியுங்கள். ஒட்டிய பிறகு கடைசி வரி முழுதாக இருக்கிறதா என்று முன்னோட்டத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆனால் வெட்டுப்பட்டது மட்டும் காரணம் இல்லை என்பதை எங்கள் துறை மேடம்தான் காட்டினார். முழுக் கட்டுரையையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பென்சிலோடு படித்தவர் முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"நீ எந்த வருஷம் பிறந்தே?"

"2004, மேடம்."

"முன்பல்லுக்கு எனாமல் உருவாகிறது சின்ன வயசுல. அப்போ குடிச்ச தண்ணியத்தான் உன் பல்லு சொல்லுது. இன்னைக்கு இருக்கிற தண்ணியப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தாச்சு. இனிமே எதுக்கு இந்த ஆய்வுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். வீட்டுக்கு வந்து தம்பியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அவன் பிறந்தது 2014. காவிரித் தண்ணீர் வந்த பிறகு. அவன் முன்பற்களிலும் வெள்ளைக் கோடுகள் இருந்தன.

அம்மாவிடம் கேட்டபோது விஷயம் புரிந்தது. குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் பிடித்து வைப்பது குடிக்க மட்டும். சோறு பொங்குவது, பருப்பு வேகவைப்பது, டீ போடுவது எல்லாம் போர் தண்ணீரில்தான். குழாய் வராத நாளில் குடிப்பதும் அதுவே, காய்ச்சி. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டினால் அதன் அளவு கூடத்தான் செய்யும். அம்மா இத்தனை வருஷம் கேஸ் செலவழித்து, நல்லது என்று நம்பிச் செய்தது அது. அதைச் சொல்ல எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். "ஒரு பையனோட பல்லு ஆதாரம் ஆகாது. அந்த வெள்ளைக் கோடு வேற காரணத்தாலயும் வரும். ஆனா கேள்வி கேக்க அது போதும்" என்றார். அப்புறம், "போர் தண்ணியில இப்போ எவ்வளவு இருக்கு? வருஷம் பூரா ஒரே அளவா இருக்கா?" என்றார்.

அந்த எண்களைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை சம்பந்தப்பட்டவர் இல்லை. இரண்டாம் முறை, கல்லூரிக் கடிதத்தில் முத்திரை தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ் காசும் இரண்டு நாள் வகுப்பும் போனது. பிறகுதான் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆண்டறிக்கைகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன என்று மேடம் சொன்னார். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முதலில் அங்கே தேடுங்கள்.

நான் பார்த்த அறிக்கைகளில் நீர்மட்டத்தை வருஷத்தில் பல முறை அளந்திருந்தார்கள். ஆனால் ஃப்ளோரைடு போன்ற தர அளவுகள் பெரும்பாலும் மழைக்கு முன், ஒரே ஒரு முறை எடுத்தவை. இந்திய தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. மே மாதம் 1.3 காட்டும் போர், டிசம்பரில் 1.5-ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பது அந்த அறிக்கையில் தெரியாது. என் ஆய்வு நோக்கம் அந்த இடைவெளியில்தான் கிடைத்தது.

எழுதுவதற்கு முன்னால் ஆறு போர்களில் மாதிரி எடுத்து அளந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஸ்பேட்ன்ஸ் முறை. சிர்கோனியமும் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலில் தண்ணீரைச் சேர்த்தால், ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு நிறம் வெளுக்கும். அந்த வெளுப்பை அளந்து கணக்கிடுவோம். மூன்று போர்களுக்கு 1.38, 1.41, 1.40 என்று வந்தது. மூன்றும் 1.5-க்குக் கீழே என்று சந்தோஷமாகக் கட்டுரையில் எழுதிக்கொண்டு போனேன். மேடம் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

"மூணு போரும் எப்படிம்மா ஒண்ணுபோல இருக்கும்? நீர்த்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. இந்த முறை நம்பகமாக வேலை செய்வது சுமார் 1.4 வரைதான். அதற்கு மேல் எவ்வளவு ஃப்ளோரைடு இருந்தாலும் வெளுப்பு அதற்கேற்ப ஏறாது. வெவ்வேறு கிணறுகள் அந்த எல்லைக்கு அருகே ஒரே எண்ணைக் காட்டினால் உடனே சந்தேகப்பட வேண்டும். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து, இரண்டால் பெருக்கினேன். 1.7, 2.3, 2.6. மூன்றும் வரம்பைத் தாண்டியவை. 2.3 எங்கள் வீட்டு போர். அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஆய்வகத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தவற்றைக் கட்டுரையிலும் மறைக்காமல் எழுதினேன். எப்படி நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், இனி ஒவ்வொரு மாதிரியையும் எப்படி நீர்த்து அளப்பேன் என்று ஒரு பத்தி. பத்து மாதிரிக்கு ஒன்றை வேறொரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அயனி மின்முனையால் சரிபார்ப்பேன் என்றும் சேர்த்தேன்.

புதிய கட்டுரையின் முதல் வரியே கேள்விதான்: 'எங்கள் ஊரைச் சுற்றியுள்ள பத்து ஆழ்துளைக் கிணறுகளில், ஓர் ஆண்டுக்குள் ஃப்ளோரைடு அளவு 1.5-ஐக் கடந்து ஏறி இறங்குகிறதா?' பத்துக் கிணறு, பன்னிரண்டு மாதம், நூற்றிருபது மாதிரி. 'தீர்வு காண்பேன்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எடுக்க மனசே வரவில்லை, ஏனென்றால் அதற்காகத்தான் இந்தப் படிப்பையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் இரண்டு வருஷத்தில் என்னால் முடியாததை வாக்குக் கொடுக்க முடியாது.

ஃப்ளோரைடு கூடும் என்று எதிர்பார்க்கிறேனா, குறையும் என்றா? இதை எழுதத்தான் அதிக நாள் ஆனது. இங்கே கடினப் பாறை. தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படிய வைக்கும். கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து குறைந்துவிட்டால் ஃப்ளோரைடு தண்ணீரிலேயே தங்கும். மழை பெய்தால் நீர்த்துக் குறையலாம். மண்ணில் தேங்கிய உப்புகளை மழை உள்ளே இழுத்துப்போய் அளவைக் கூட்டவும் செய்யலாம். எது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே அளப்பேன் என்று எழுதி, மழைக்குப் பின் குறைந்தால் என்ன பொருள், கூடினால் என்ன பொருள் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதினேன்.

பல்லின் கதை போய்விடவில்லை. தம்பியின் பிறந்த வருஷத்தோடு சேர்த்து மூன்று வரியில், கேள்விக்கு அடுத்து வந்தது. எங்கள் வறுமையைப் பற்றி எழுதியிருந்த பத்தியின் இடத்தில், இந்தப் பத்துக் கிணறும் யார் வீட்டில் இருக்கின்றன, எந்த நேரத்தில் அங்கே மோட்டார் ஓடும், எந்த அத்தை கேட்டைத் திறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும் என எழுதினேன். வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு இதற்கே மாதங்கள் ஆகும்.

நேர்காணல் இணையவழியில் நடந்தது. இரண்டாவது கேள்வியே, "காவிரித் தண்ணீர்தான் வருகிறதே?" பருப்பு வேகும் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். கேட்டவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி மாதிரி பாட்டில்களைப் பற்றி. பாலித்தீன் பாட்டில், கண்ணாடி இல்லை, கண்ணாடியோடு ஃப்ளோரைடு வினைபுரியக்கூடும் என்றேன். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டேன், சாரத்தின் மேல் இருந்தார். "கீழே இறங்கிட்டுக் கூப்பிடறேன்" என்றவர், இறங்கி வந்து கூப்பிட்டு, ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று எடுத்தேன். மோட்டார் போட்டதும் வருவது குழாயில் தேங்கிய பழைய தண்ணீர். அதனால் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். அத்தை அந்தத் தண்ணீரை வீணாக்காமல் தென்னைக்குத் திருப்பிவிட்டார். பத்தில் ஒன்பது பாட்டில் நிரம்பியது. பத்தாவது வீட்டில் கரண்ட் இல்லை, நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.