ரிக்ரூட்டரின் முதல் போன் கோல்: அந்த முப்பது செக்கனை நான் தயார் செய்த விதம்

கொழும்பில் கணக்கியல் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இது உதவலாம். நேர்முகத் தேர்வைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் வரும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடப் போன் கோலைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டதும், பதில் சொல்லக் கிடைக்கிற அந்த முப்பது செக்கனில் வாயில் வருவதைச் சொல்லித்தான் பாதிப்பேர் போகிறோம்.

என் மச்சாள் ஒருத்தி ஆள்சேர்ப்பு வேலையில் இருக்கிறாள். அவள் சொன்ன ஒரு விஷயத்தில் இருந்துதான் எல்லாமே தொடங்கியது. போனை எடுக்கும்போது அவள் முன்னால் நிரப்ப வேண்டிய குறிப்பு ஒன்று திறந்திருக்குமாம்: இப்போது என்ன வேலை, எத்தனை வருடம், விளம்பரத்தில் கேட்டதைச் செய்திருக்கிறாரா, ஏன் மாறப் பார்க்கிறார், நோட்டீஸ் பீரியட், எதிர்பார்க்கும் சம்பளம். அவளுக்குக் கணக்கியல் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. "நீ சொல்றதை நான் அப்படியே டைப் பண்ணி மேனேஜருக்கு அனுப்புவன், அவர் அதைத்தான் வாசிப்பார்" என்றாள். அப்படியென்றால் முப்பது செக்கனில் என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குறிப்பின் முதல் நாலு வரிகளை அவள் எழுத வசதியாகச் சொன்னால் போதும்.

முப்பது செக்கன் என்பது கேட்கத்தான் சின்னது. இங்கிலீஷில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 130, 140 சொல் வரும், ஆகவே கையில் இருப்பது 65 முதல் 70 சொல். நாலு வாக்கியம், முடிவில் ஒரு சின்னக் கேள்வி, அவ்வளவுதான். படித்த பாடசாலை, உயர்தரப் பெறுபேறு, பொழுதுபோக்கு எதற்கும் இடமில்லை, அவை சீவியில் இருக்கட்டும்.

விளம்பரத்தில் கேட்டிருந்தது அக்கவுண்ட்ஸ் பேயபிள், வங்கிக் கணக்கு இணக்கம், மாத முடிவு குளோசிங். நான் இருந்தது பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் இறக்குமதி செய்கிற ஒரு நடுத்தரக் கம்பனியில். பெயரைச் சொன்னால் அந்தத் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அதனால் பெயருக்குப் பதிலாக அது என்ன செய்கிறது என்பதைச் சொல்ல முடிவு செய்தேன். கடைசியாக வந்த வடிவத்தைத் தமிழில் தருகிறேன்:

"ஹார்ட்வெயார் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் நாலு வருடமாக அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாக இருக்கிறேன். சப்ளையர் பில்கள், வங்கி இணக்கம், மாத முடிவுக் கணக்கு மூன்றும் என் பொறுப்பு. முன்பு பத்தாம் திகதி வரை இழுத்த குளோசிங்கை இப்போது ஐந்தாம் திகதி முடிக்கிறோம். உங்கள் விளம்பரத்தில் பல நிறுவனங்களின் கணக்கை ஒரே இடத்தில் முடிக்கும் வேலை என்று இருந்தது, அதனால்தான் விண்ணப்பித்தேன். இதில் எந்தப் பகுதியை விரிவாகச் சொல்லட்டும்?"

இரண்டாவது வாக்கியத்தில்தான் அதிக நேரம் செலவழித்தேன். முதலில் அதில் ஏழெட்டு வேலைகள் இருந்தன, வெற் ரிட்டர்ன், ஈ.பி.எஃப்., சில்லறைக் காசு என்று எல்லாம். எல்லாம் நான் செய்கிறவைதான், ஆனால் விளம்பரத்தில் இல்லாத ஒவ்வொன்றும் இருக்கிற மூன்றையும் மறைக்கிறது. கேட்பவர் டைப் பண்ணிக்கொண்டே கேட்கிறார், ஏழில் எந்த மூன்று அந்தக் குறிப்பில் ஏறும் என்று சொல்ல முடியாது. ஆகவே மூன்றை மட்டும், விளம்பரம் எழுதிய அதே சொற்களில் வைத்தேன். திகதி இரண்டையும் வைத்ததும் யோசித்துத்தான். "திறமையாகச் செய்வேன்" என்பதை யாரும் குறித்துக்கொள்வதில்லை, "பத்து, இப்போது ஐந்து" என்பது கை தானாகவே குறித்துக்கொள்ளும்.

ஏன் மாறுகிறாய் என்பதற்குப் பழைய இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் வைக்கவில்லை. சம்பளம் போதாது, முதலாளி சரியில்லை என்பதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், முப்பது செக்கனுக்குள் சொன்னால் குறிப்பில் அது மட்டும்தான் மிஞ்சும். சேப் மென்பொருள் தெரியாததையும் நானாகச் சொல்லவில்லை, ஏனென்றால் விளம்பரத்தில் அது "இருந்தால் நல்லது" பட்டியலில்தான் இருந்தது. கட்டாயம் என்று போட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன், இரண்டு பேருடைய நேரமும் மிச்சம்.

எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்யக்கூடாது. போனில் வாசிக்கிற குரல் உடனே தெரிந்துவிடும், வாக்கிய முடிவில் குரல் ஒரே இடத்தில் இறங்கும். நாலு வாக்கியத்துக்கும் ஒவ்வொரு சொல் மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, போனின் ரெக்கோடரில் பேசிப் பார்த்தேன். கேட்கும்போது நேரத்தை மட்டும் பார்க்காமல், எண்கள் தெளிவாக விழுகின்றனவா என்று பாருங்கள். "ஃபிஃப்த்", "ஃபிஃப்டீன்த்" இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும், அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்தேன்.

இந்த முப்பது செக்கனுக்கு முன்னால் நடக்கிறதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு முதல் தடங்கல் பெயர். சீவியில் அப்பாவின் பெயர் முன்னால் இருக்கும், அவர்கள் அதைச் சொல்லித்தான் கேட்பார்கள். சில வேளை அப்பாவே வந்து போனை எடுத்த மாதிரி ஒரு குழப்பம்! "ஆம், நான்தான்" என்று என் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன், தமிழ்ப் பெயர் முறையைப் பற்றி வகுப்பு எடுப்பதில்லை. அடுத்தது, எந்த வேலைக்கான கோல் என்பது. பல இடத்துக்கு அனுப்பியிருந்தால் ஞாபகம் இருக்காது, ஏஜென்சிக்காரர் என்றால் கம்பனி பெயரையும் உடனே சொல்லமாட்டார். அதனால் பேசத் தொடங்கும் முன் பதவியின் பெயரைக் கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பதவி, விளம்பரத்தின் மூன்று சொற்கள், இவ்வளவையும் போனிலேயே ஒரு குறிப்பில் வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியமும் நாலாவது வாக்கியமும் அதைப் பார்த்துத்தான் மாறும்.

கோல் வந்தபோது நான் வெள்ளவத்தையில், காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். 100ஆம் இலக்க பஸ் வந்து நிற்க, கொண்டக்டர் கத்த, அதற்குள் பேசியிருந்தால் எண் ஒன்றும் கேட்டிருக்காது. "வெளியில் நிற்கிறேன், பத்து நிமிடத்தில் நானே எடுக்கட்டுமா?" என்றேன். அவர் சரி என்றார். யாரும் இதைக் குறையாக எடுப்பதில்லை. பக்கத்து ஒழுங்கைக்குள் போய் நின்று, குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தேன்.

நாலு வாக்கியத்தையும் சொல்லி, கடைசிக் கேள்வியையும் கேட்டதும் ஒரு அமைதி. எனக்குத் தெரிந்திருந்தும் அது நீளமாகத்தான் பட்டது. விசைப்பலகைச் சத்தம் மெலிதாகக் கேட்டது, எழுதுகிறார் என்று விளங்கியது. இந்த இடத்தில் அமைதியை நிரப்பப் போய்த்தான் வேண்டாத கதையெல்லாம் வெளியே வரும். பிறகு நோட்டீஸ் பீரியட் கேட்டார், சம்பளம் கேட்டார். கையில் வருவதா, 8% சேமலாப நிதி கழிவதற்கு முன்னா என்று நான் திருப்பிக் கேட்டேன். மொத்தக் கோலும் பத்து நிமிடத்துக்குள்.

அடுத்த கிழமை நேர்முகத்தில் ஃபினான்ஸ் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "பத்தில் இருந்து ஐந்துக்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" மச்சாள் சொன்னது சரி, அந்த வரி அப்படியே போயிருக்கிறது. நல்ல வேளை, பதில் இருந்தது: சப்ளையர் பில்களை மாத முடிவுக்குச் சேர்த்து வைக்காமல் கிழமைக்கு ஒருமுறை ஏற்றினோம், வங்கி இணக்கத்தை ஒன்லைன் ஸ்டேட்மென்ட் எடுத்துத் தினமும் செய்தோம். அதிலேயே அரை மணி நேரம் போனது, வங்கிக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் வந்தால் முதலில் எங்கே தேடுவீர்கள் என்பது வரைக்கும் கேட்டார்.