சேமிக்கும்போதா, காட்டும்போதா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் ஆர்டர் மென்பொருள் பராமரிப்புக்காக எங்களிடம் வந்தது. மெனுவில் ‘தோசை & சட்னி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் `தோசை &amp;amp; சட்னி` என்று தெரிந்தது. “விலைய மாத்தி சேவ் பண்ணாலே வால் நீளுது தம்பி” என்றார் கடைக்கார அண்ணன். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

எச்டிஎம்எல்லில் தனிப் பொருள் உள்ள குறி என்பதால், பழைய நிரல் பெயரைச் சேமிக்கும்போதே `&` குறியை `&amp;` ஆக்கியிருந்தது. பக்கத்தைக் காட்டும் டெம்ப்ளேட்டும் தன் பங்குக்கு அதையே செய்யும். பிரவுசர் ஒரு அடுக்கைத்தான் உரிக்கும். இன்னொன்று திருத்தப் பெட்டியில் எழுத்தாகவே தெரியும். அதோடு சேமித்தால், தரவுத்தளத்தில் ஒரு `amp;` கூடிவிடும்.

சேமிக்கும் இடத்தில் இருந்த மாற்றத்தை நீக்கினோம். `<` போன்ற குறிகள் டேகாக மாறாமல் தடுக்க, காட்டும் இடத்தில் செய்வதே போதும். சரி, ஏற்கெனவே கெட்டுப்போன வரிகளை என்ன செய்வது? பழைய நிரலிலேயே அதற்கு ஒரு பகுதி இருந்தது:

```python
s = s.replace("&amp;", "&")
s = s.replace("&lt;", "<")
```

இந்த வரிசை ஆபத்தானது. `&amp;lt;` முதல் வரியில் `&lt;` ஆகிறது, இரண்டாம் வரியில் `<` ஆகிவிடுகிறது. ஒரு தடவை உரிக்கச் சொன்னால் இரண்டு தடவை உரித்துவிடும். மாற்றும்போது `&` முதலில், திருப்பும்போது கடைசியில் வர வேண்டும். பைத்தானின் `html.unescape` ஒரே ஓட்டத்தில் படிப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

அதற்காக, மாற்றம் நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓட்டுவதும் சரியில்லை. மெனுவின் ஒரு பகுதி எக்செல் கோப்பிலிருந்து நேராக ஏற்றப்பட்டது. அதில் எந்த அடுக்கும் இல்லை. அங்கே அச்சுக்கான இணைப்புகளும் இருந்தன:

```python
html.unescape("?menu=5&copy=2")
# '?menu=5©=2'
```

பழைய வழக்கத்துக்காக `&copy` போன்ற சில பெயர்கள் அரைப்புள்ளி இல்லாமலும் செல்லும். பிரவுசராக இருந்தால், டேகின் பண்புக்குள் அடுத்து `=` வருவதைப் பார்த்து மாற்றாமல் விட்டுவிடும். பைத்தானுக்கு இடம் தெரியாது, மாற்றிவிடும்.

ஆகவே மாற்றப் பதிவேட்டைப் பார்த்தோம். எந்த வரி படிவம் வழியாக எத்தனை முறை சேமிக்கப்பட்டதோ, அத்தனை முறை மட்டும் உரித்தோம். எக்செல்லில் வந்து யாரும் தொடாத வரிகளை அப்படியே விட்டோம். மெதுவான வழிதான், ஆனால் ஊகம் இல்லை.

அப்புறம் ரசீது. அது எச்டிஎம்எல் அல்ல. அச்சுப்பொறிக்கு `&amp;` என்று அனுப்பினால் அப்படியே அடித்துவிடும். இப்போது தரவுத்தளத்தில் வெறும் `&` இருப்பதால், ரசீதிலும் ‘தோசை & சட்னி’ என்றே வருகிறது.