கார்போபிளாட்டின், ஜெம்சிடபின்: மூன்றாம் சுற்றில் ரத்த எண்ணிக்கை

ஜூன் 2, 2025, திங்கள். சுற்றின் 1ஆம் நாள்

சினைப்பைப் புற்றுநோய் திரும்ப வந்த 58 வயதுப் பெண்மணி. கீமோ மருந்துகள் இரண்டு: முதல் நாள் கார்போபிளாட்டினும் ஜெம்சிடபினும், எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும், 21 நாளுக்கு ஒரு சுற்று. (இந்த நோயாளி தனி ஒருவரல்ல. நாள்சிகிச்சைப் பிரிவில் பலருக்கு நடப்பதை விளக்க வசதியாக ஒருவர் கணக்கில் எழுதுகிறோம்.)

காலை ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 8.9 கிராம், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 1,62,000, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபில் 2,100. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் குறையாமலும் நியூட்ரோபில் 1,500க்குக் குறையாமலும் இருந்தால் மருந்து முழு அளவில் போகும். போனது.

ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "எட்டுதான் இருக்கு, ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திடலாமா?" வேண்டாம் என்பதே பதில். உட்கார்ந்திருக்கும்போது மூச்சு வாங்கவில்லை, நெஞ்சுவலி இல்லை, இதய நோயும் இல்லை. இப்படிப்பட்டவருக்கு 7 கிராமுக்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவோம். இதய நோய் உள்ளவருக்கு எல்லை 8. எண் எதுவாக இருந்தாலும் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.

அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்கிறது என்ற செறிவு இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புற்றுநோயில் ஃபெரிட்டின் தானாகவே ஏறி நிற்கும். அதை மட்டும் பார்த்தால் இரும்பு நிறைய இருப்பது போலத் தெரியும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது நரம்பு வழியாக இரும்பு கொடுத்தால் பலன் உண்டு. பேரீச்சையும் மாதுளையும் தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் அடுத்த வார ரிப்போர்ட்டை அவை மாற்றாது.

ஜூன் 9, திங்கள். 8ஆம் நாள்

ஹீமோகுளோபின் 8.3. பிளேட்லெட் 84,000.

ஒரே வாரத்தில் பிளேட்லெட் பாதியாகிவிட்டது, ஹீமோகுளோபின் அரை கிராமுக்குச் சற்றே கூடுதலாகத்தான் இறங்கியது. இரண்டையும் ஒரே மருந்துதான் தாக்குகிறது. வித்தியாசம் அணுக்களின் ஆயுளில். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். மஜ்ஜை இரண்டு வாரம் வேலை நிறுத்தம் செய்தாலும் பழைய கையிருப்பு ஓடிக்கொண்டிருக்கும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 7 முதல் 10 நாள்தான். அதனால் பிளேட்லெட் ஒவ்வொரு சுற்றிலும் விழுந்து எழும். ஹீமோகுளோபினோ சுற்றுக்குச் சுற்று படிப்படியாகத் தேயும், தானாக முழுதும் ஏறுவதற்குள் அடுத்த மருந்து வந்துவிடும்.

பிளேட்லெட் 75,000க்கும் ஒரு லட்சத்துக்கும் இடையில் இருப்பதால் இன்றைய ஜெம்சிடபின் பாதி அளவு. 75,000க்குக் கீழே இருந்திருந்தால் நிறுத்தியிருப்போம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. சில ஆய்வகங்கள் "0.84 லட்சம்" என்று எழுதும், சில "84" என்று போட்டுப் பக்கத்தில் ஆயிரம் என்று குறிக்கும். போனில் எண்ணைச் சொல்லும்போது 0.8 லட்சமும் 0.08 லட்சமும் எளிதில் மாறிப்போகும். ஒன்று எண்பதாயிரம், மற்றது எட்டாயிரம். போனில் சொல்லாமல் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்புவது நல்லது. நோயாளி நன்றாக இருக்கும்போது எண் மட்டும் திடீரென்று மிகவும் விழுந்திருந்தால், குழாயில் பிளேட்லெட்டுகள் ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். இயந்திரம் அவற்றை எண்ணாது. கண்ணாடி வில்லையில் ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி. 12ஆம் நாள்

மகளிடமிருந்து போன். "சிஸ்டர், அம்மா முழங்காலுக்குக் கீழ சின்னச் சின்னதா சிவப்புப் புள்ளி. பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம்."

புள்ளிமேல் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தச் சொன்னோம். நிறம் மறையவில்லை. ஒவ்வாமைத் தடிப்பு அழுத்தினால் வெளிறும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் வெளிறாது. அது முதலில் கால்களில் தெரிவது, நிற்கும்போது அங்கேதான் ரத்த அழுத்தம் அதிகம் என்பதால்.

அன்றே பரிசோதனை: பிளேட்லெட் 31,000, ஹீமோகுளோபின் 7.6, காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் ஏற்றவில்லை. காய்ச்சலும் ரத்தக்கசிவும் இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போனால் ஏற்றுவோம். காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் 20,000. நிற்காமல் ரத்தம் போனாலோ, அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தாலோ 50,000க்கு மேல் வைத்திருக்கப் பார்ப்போம். பல் தேய்க்கும்போது வந்து உடனே நின்றுவிட்ட கசிவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்கூட்டியே ஏற்றிவைத்தும் பயனில்லை, ஏற்றிய பிளேட்லெட் சில நாள்தான் நிற்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை: மெல்லிய பிரஷ், பல்குச்சி வேண்டாம், மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம், மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் முதலில் வெப்பநிலை பார்த்துவிட்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் கூடாது. இருக்கிற கொஞ்சம் பிளேட்லெட்டையும் அவை வேலை செய்யவிடாது. இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். இந்த நாட்களில் அது இரட்டைத் தவறு. தசைக்குள் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டும், போடும் மருந்து பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காக இருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும், கீமோ கொடுக்கும் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்றும் மகள் கேட்டார். டெங்குவில் பிளேட்லெட் குறைவது வேறு காரணத்தால். கீமோவில் உற்பத்தி செய்யும் இடமே அடிபட்டிருக்கிறது. அந்தச் சாற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு. 14ஆம் நாள்

பிளேட்லெட் 9,000. ஹீமோகுளோபின் 6.8. கன்னத்தின் உட்புறத்தில் கருஞ்சிவப்பாக இரண்டு ரத்தக் கொப்புளங்கள்.

காலில் உள்ள புள்ளிகளைவிட வாய்க்குள் வரும் கொப்புளம் எங்களைக் கவலைப்படுத்தும். உள்ளே வேறெங்கும் கசிய வாய்ப்பிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. இன்று இரண்டும் ஏற்ற வேண்டும்: பிளேட்லெட், பின்னர் ஒரு யூனிட் சிவப்பணு. ஹீமோகுளோபினை ஏற்றுவது ரத்தக்கசிவுக்கும் உதவும். சிவப்பணுக்கள் நிறைய ஓடும்போதுதான் பிளேட்லெட்டுகள் ரத்தக்குழாயின் ஓரத்துக்குத் தள்ளப்படும்; காயம் ஓரத்தில்தானே இருக்கிறது.

பிளேட்லெட் இரு வகையில் கிடைக்கும். பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த சிறு பைகள் ஒவ்வொன்றும் எண்ணிக்கையை 5,000 முதல் 10,000 வரை ஏற்றும். ஒரே கொடையாளியிடமிருந்து இயந்திரம் மூலம் எடுத்த பை ஒன்றே 30,000க்கு மேல் ஏற்றலாம். மகன் தானே கொடுப்பதாகச் சொன்னார். நெருங்கிய ரத்த உறவினரின் பையைக் கதிரியக்கம் செலுத்தாமல் ஏற்றக் கூடாது. உறவினரின் வெள்ளையணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளே பெருகி நோயாளியின் உடலையே தாக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். அதனால் மகன் பொதுச் சேமிப்புக்குக் கொடுத்தார், அம்மாவுக்கு வேறொருவருடைய பை வந்தது.

படுக்கையருகே இருவர் சேர்ந்து பெயர், மருத்துவமனை எண், ரத்தப் பிரிவு, பை எண், காலாவதி நாள் எல்லாம் சரிபார்த்தோம். நோயாளியிடம் "நீங்கதானே இவர்?" என்று கேட்பதில்லை, பெயரை அவரே சொல்ல வேண்டும். பிளேட்லெட் பை 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டியது, வார்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வீணாகும். வந்ததும் அரை மணி நேரத்தில் ஏற்றி முடித்தோம். சிவப்பணுப் பை முதல் 15 நிமிடம் மெதுவாக, பக்கத்திலேயே ஆள் நின்று. பிறகு இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது. அதே குழாயில் சாதாரண உப்பு நீர் தவிர எதுவும் போகக் கூடாது.

ஏறும்போது குளிர் நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல், தோலில் தடிப்பு, ஏதோ சரியில்லை என்ற பதற்றம் ஆகிய எதுவானாலும் உடனே கூப்பிடச் சொல்லியிருந்தோம். அப்படி வந்தால் முதலில் பையை மூடி, உப்பு நீரை மட்டும் ஓடவிட்டு, லேபிளை மறுபடி சரிபார்ப்போம். வீட்டுக்குப் போன பின் சிறுநீர் சிவந்தாலும், மூச்சு முட்டினாலும் திரும்பி வர வேண்டும்.

பிளேட்லெட் ஏற்றி ஒரு மணி நேரம் கழித்து எண்ணிக்கை 38,000. இந்த ஒரு மணி நேரக் கணக்கை விடக் கூடாது. அப்போதே ஏறாமலிருந்தால் உடலில் பிளேட்லெட்டுக்கு எதிரான எதிர்ப்பொருட்கள் உருவாகியிருக்கலாம். பொருத்தம் பார்த்த பை தேட வேண்டியிருக்கும். ஒரு மணியில் ஏறி மறுநாள் விழுந்தால் காய்ச்சல், கிருமித்தொற்று, பெரிய மண்ணீரல் என்று தேடுவோம்.

ஜூன் 16, திங்கள். 15ஆம் நாள்

பிளேட்லெட் 27,000, ஹீமோகுளோபின் 7.7. ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் என்ற கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டாவது யூனிட் தேவையில்லை. நடந்தால் மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது மகளிடம் இரண்டு விதமாகப் பிரித்துச் சொன்னோம். புதிய புள்ளி, புதிய நீலத் தடம், ஈறில் கசிவு என்றால் அன்றே போன். கடும் தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், தூக்கக் கலக்கம், தலையில் அடி, நெஞ்சுவலி, மயக்கம், வாந்தியில் ரத்தம், தார் போன்ற கருமலம் என்றால் போன் செய்து நேரம் கடத்தாமல் கிளம்பி வர வேண்டும். தலையில் அடிபட்டு ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வர வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ரத்தத்தால் கறுப்பது பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றம் தனியாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ரத்தம் என்றே எடுத்துக்கொள்ளட்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டுப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. இரண்டு முறை பிடித்தும் நிற்காவிட்டால் பிடித்தபடியே கிளம்பட்டும்.

ஜூன் 23, திங்கள். 22ஆம் நாள்

பிளேட்லெட் 1,08,000, ஹீமோகுளோபின் 8.1, நியூட்ரோபில் 1,700. நான்காம் சுற்று தொடங்கலாம்.

ஆனால் பிளேட்லெட் 25,000க்குக் கீழே போனவருக்கு அதே அளவில் தொடர்ந்தால் மறுபடியும் அதே இடத்துக்கு வருவார். ஜெம்சிடபின் சதுர மீட்டருக்கு 1,000 மில்லிகிராமிலிருந்து 800ஆகக் குறைந்தது. அக்யூட் லுக்கேமியா என்ற தீவிர ரத்தப் புற்றுநோயில் இப்படிக் குறைப்பது அரிது. அங்கே மஜ்ஜையைக் காலி செய்வதே சிகிச்சை, ஏற்றி ஏற்றித்தான் அந்த வாரங்களைக் கடக்க வேண்டும். திரும்ப வந்த சினைப்பைப் புற்றில் நோயைக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம், அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் 9,000 வரை விழவிடத் தேவையில்லை.

இரும்பு ரிப்போர்ட்டும் வந்தது: ஃபெரிட்டின் 310, செறிவு 14 சதவீதம். இன்று கீமோவோடு நரம்பு வழியாக முதல் இரும்பு டோஸ். எட்டாம் நாள் வழக்கமான பரிசோதனையோடு 12ஆம் நாளும் 15ஆம் நாளும் கூடுதலாக எண்ணிக்கை பார்க்கத் தேதி எழுதிக் கொடுத்தாயிற்று.