மேஜரை மைனர் ஆக்கச் சொன்னார்கள்: ஒரு சப்ளையர் ஆடிட் ரிப்போர்ட்

கோவையில் எங்களுக்கு பம்ப் பாகங்களை மெஷினிங் செய்துதரும் சப்ளையரிடம் ஆடிட் போனேன். ஆரம்பக் கூட்டம், ஷாப் ஃப்ளோர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வம்பு வந்தது ரிப்போர்ட் எழுதும்போதுதான்.

அவர்களுடைய அளவுக் கருவிகளான கேஜ்களில் பன்னிரண்டை எடுத்துப் பார்த்தேன். கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கும் கேலிபரேஷனுக்கான கெடு மூன்றுக்கு மார்ச்சோடு முடிந்திருந்தது. நான் போனது ஜூனில். அந்த மூன்றில் ஒன்று பிஜி-07 என்ற போர் கேஜ். 25 எச்7 துளையை அளப்பதற்கானது, அதாவது 25.000 முதல் 25.021 மி.மீ. வரைதான் அனுமதி. அவர்களுடைய மாஸ்டர் லிஸ்ட்டில் மூன்றுக்கும் நேராக ‘ஓகே’ என்றே இருந்தது. மே மாத இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் பிஜி-07 வைத்து அளந்த லாட் எங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தது.

ஒரு கேஜ் மட்டும் கெடு தாண்டியிருந்தால் மைனர், அதாவது சிறு குறை என்று எழுதியிருப்பேன். இங்கே கெடுவைக் கண்காணிக்க வேண்டிய லிஸ்ட்டே தவறு. மூன்று கேஜ் நழுவியும் யாருக்கும் தெரியவில்லை, அளந்த சரக்கும் வெளியே போய்விட்டது. தனித்தனித் தவறு இல்லை, முறையே வேலை செய்யவில்லை. அதனால் மூன்றையும் சேர்த்து ஒரே மேஜராக, அதாவது பெரிய குறையாகப் போட்டேன். மூன்று மைனர்களாகப் பிரித்திருந்தால் மூன்று புது ஸ்டிக்கர் ஒட்டி முடித்திருப்பார்கள்.

முடிவுக் கூட்டத்தில் அவர்களுடைய குவாலிட்டி மேனேஜர், “இது ஸ்டிக்கர் பிரச்சினைதானுங்க சார், அப்சர்வேஷன்ல போட்டுடுங்க” என்றார். அப்சர்வேஷன் என்றால் குறையாகவே கணக்கில்லை, வெறும் குறிப்பு. ‘கேலிபரேஷன் முறையை மேம்படுத்தலாம்’ என்று வாசகமும் அவரே சொன்னார். அந்த வாசகத்தில் எந்த கேஜ், எந்தத் தேதி, எந்த விதி என்று ஒன்றுமே இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே போட்டோ எடுக்க அனுமதி கிடையாது, அதனால் நகல்களை மெயிலில் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மெயிலில் வந்தது புது மாஸ்டர் லிஸ்ட். மூன்று கேஜுக்கும் நேராக ‘உபயோகத்தில் இல்லை’! மே மாத ஷீட் வரவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் ரிப்போர்ட்டைச் சரிபார்ப்பவர், “ஆதாரம் போதாது, மைனராக மாற்றுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பவும் சப்ளையரிடம் போய்க் கேட்டால், ஃபைல் கன்சல்டன்ட்டிடம் இருக்கிறதாம். அன்றைய நாளே வீண்.

அப்புறம்தான் வழி கிடைத்தது. ஆடிட்டின்போது ஷீட் எண், தேதி, கேஜ் எண் இவற்றோடு லாட் எண்ணையும் நோட்டில் குறித்திருந்தேன். லாட் எங்களிடம் வந்ததென்றால், இன்வாய்ஸோடு சப்ளையரின் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டும் வந்திருக்க வேண்டும். எங்கள் ஸ்டோர்ஸில் தேடினேன். இருந்தது! கருவி எண் பத்தியில் பிஜி-07, மே மாதத் தேதி, கீழே அவர்கள் கையெழுத்து. ‘உபயோகத்தில் இல்லை’ என்ற வாதம் அங்கேயே முடிந்தது. ஆடிட் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: லாட் எண், இன்வாய்ஸ் எண் போல வெளியே போகும் எண்களைக் கட்டாயம் குறித்து வையுங்கள். உள்ளே இருக்கும் காகிதம் காணாமல் போகலாம், வாடிக்கையாளரிடம் போனது அங்கேயே இருக்கும்.

கடைசியில் இப்படி எழுதினேன்: “ஐஎஸ்ஓ 9001:2015, பிரிவு 7.1.5.2-இன்படி அளவுக் கருவிகளைக் குறித்த இடைவெளியில் கேலிபரேட் செய்ய வேண்டும். சோதித்த 12 கேஜ்களில் 3-க்கு மார்ச்சில் கெடு முடிந்திருந்தது. மாஸ்டர் லிஸ்ட்டில் ‘ஓகே’ என உள்ளது. அவற்றில் பிஜி-07 மே மாதம் லாட் ஏற்பில் பயன்பட்டது (இணைப்பு 2).” கேஜ் எண்கள், லிஸ்ட் ரிவிஷன், லாட் எண் எல்லாம் உடன் சேர்த்தேன். ‘எல்லா கேஜ்களும்’ என்று எழுதவில்லை, பார்த்தது பன்னிரண்டுதான். குறையை ஏன் மேஜர் என்று வகைப்படுத்தினேன் என்பதற்குத் தனியாக இரண்டு வரி. சரிபார்ப்பவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

இப்போது சப்ளையர் மூன்று புது கேலிபரேஷன் சான்றிதழ்களை அனுப்பி, மேஜரை மூடச் சொல்கிறார். சான்றிதழில், சரிசெய்வதற்கு முன் இருந்த அளவைப் பார்த்தேன்: பிஜி-07 துளையை 0.008 மி.மீ. குறைத்துக் காட்டியிருக்கிறது. ஷீட்டில் 25.016 என்று பாஸான துளை உண்மையில் 25.024, அதாவது அனுமதிக்கு வெளியே. கருவி தவறு என்று தெரிந்தால் அதற்கு முன் அளந்தவை செல்லுமா என்று பார்க்க வேண்டும் என அதே பிரிவுதான் சொல்கிறது. அவர்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, எங்களிடம் மீதமிருக்கும் லாட்டை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறேன்.