அப்பாவும் மூன்று டம்ளர் தண்ணீரும்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு வெளிக்குப் போய் நான்கு நாளாகிறது. 82 வயது. வயிறு உப்பியிருக்கிறது, ஒரு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. நார்ச்சத்து போதவில்லை என்று நினைத்து, இரவு இரண்டு ஸ்பூன் இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 6, வியாழன்

உப்புசம் கூடிவிட்டது. இன்று அவர் குடிப்பதை எண்ணிப் பார்த்தேன். காபியோடு சேர்த்து மூன்றே டம்ளர். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயந்து குறைத்துக்கொண்டிருக்கிறார். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை இளக்கும். தண்ணீர் இல்லையென்றால் அதுவே குடலில் கெட்டிப்பட்டு நிற்கும். நிறுத்திவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வேட்டியில் கறை. தண்ணீர் மாதிரி, அவருக்கே தெரியாமல் கசிந்திருக்கிறது. பேதி என்று நினைத்து, அதை நிறுத்தும் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். ஏழு நாள் போகாதவருக்குத் திடீரென்று எப்படிப் பேதி என்று உறுத்தவே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

“வாந்தி உண்டா? காற்று பிரிகிறதா?” என்றுதான் முதலில் கேட்டார். வாந்தி இல்லை, காற்று பிரிகிறது. பிறகு கையுறை போட்டு விரலால் பார்த்தார். மலம் கல்லு மாதிரி வாசலிலேயே அடைத்துக்கொண்டிருக்கிறதாம். மேலே இருக்கும் இளகின மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும். எனிமா கொடுத்தார்கள். அப்பா கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு என் விரலைப் பிடித்திருந்தார்.

போன மாதம் தொடங்கிய இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அதை மாற்றினார். காற்றே பிரியாமல், வயிறு மத்தளம் போல இறுகி, விட்டுவிட்டு வலித்து, வாந்தியும் வந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது வீட்டில் பேதியாக்கும் மருந்தும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

மார்ச் 12, புதன்

டாக்டர் எழுதிய லாக்டுலோஸ் சிரப் தினமும் போகிறது. முதல் சில நாள் அதுவே வாயு உண்டாக்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார், அப்படித்தான் ஆனது. இதயமும் சிறுநீரகமும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைக் கூட்டச் சொன்னார். ஏழு டம்ளர், எல்லாம் மாலை ஆறு மணிக்குள். அதனால் ராத்திரி பயம் குறைந்திருக்கிறது. கீரையும் பப்பாளியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறேன்.

காலை டிபன் முடிந்ததும் குடல் தானே அசையும் நேரம். திண்ணைக்கும் கொல்லைக்கும் நாலு நடை என் தோளைப் பிடித்து நடக்கிறார், அப்புறம் கழிப்பறை. பாதத்துக்கு அடியில் குட்டை முக்காலி வைத்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே வருகிறது, முக்க வேண்டியதில்லை. இன்று பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.